எஸ்ஐபி சராசரி விலை: நிஃப்டி அதே இடத்தில் இருந்தும் கணக்கு ஏன் சிவப்பானது?

கேள்வி: மாரத்தஹள்ளியில் ஐ.டி. வேலை. 2024 மே மாதம் நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 10,000 எஸ்ஐபி ஆரம்பிச்சேன். 2025 பிப்ரவரி கடைசியில பார்த்தா நிஃப்டி நான் ஆரம்பிச்ச இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது, ஆனா என் கணக்கு மட்டும் 7-8 சதவீதம் நஷ்டம் காட்டுச்சு. எஸ்ஐபி போட்டா சராசரி விலை குறையும்னு சொன்னாங்களே? இன்னொண்ணு, எல்லா மாச என்ஏவியையும், அதாவது ஒரு யூனிட்டோட விலையை, கூட்டி வகுத்தா ஆப் காட்டற சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமா வருது. ஆப் தப்பா?

பதில்:

ஆப் தப்பில்லை. நஷ்டமும் தப்பாகக் காட்டப்படவில்லை. முதலில் ஆப் காட்டும் சராசரியைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும்.

நான் இருப்பது அல்சூரில். வாரம் ஒருமுறை மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி வாங்குகிறேன் என்று வையுங்கள். ஒரு வாரம் கிலோ 20 ரூபாய், அடுத்த வாரம் 50 ரூபாய். கோலாரிலிருந்து வரத்து குறைந்தால் பெங்களூரில் விலை இப்படித்தான் தாவும். வாரம் இரண்டு கிலோ என்று அளவை நிலையாக வைத்து வாங்கினால், நான்கு கிலோவுக்கு 140 ரூபாய் கொடுத்திருப்பேன். கிலோ 35 ரூபாய் விழுகிறது. இதுதான் நீங்கள் கூட்டி வகுத்துப் பார்த்த சராசரி. அப்படியில்லாமல் வாரம் 100 ரூபாய்க்கு என்று பணத்தை நிலையாக வைத்தால், முதல் வாரம் ஐந்து கிலோ கிடைக்கும், அடுத்த வாரம் இரண்டு கிலோதான். ஏழு கிலோவுக்கு 200 ரூபாய், அதாவது கிலோ 28 ரூபாய் 57 காசு. பையில் மலிவு விலைத் தக்காளி அதிகம், விலை கூடிய தக்காளி குறைவு. அதனால் சராசரி மலிவு விலையின் பக்கம் சாய்கிறது.

எஸ்ஐபி இரண்டாவது வகை. பணம் நிலையானது, யூனிட் மாறும். மொத்தம் போட்ட பணத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் வருவதுதான் ஆப் காட்டும் சராசரி. பள்ளிக் கணக்கில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர். நீங்கள் போட்டது கூட்டுச் சராசரி. விலை கொஞ்சமாவது ஏறி இறங்கியிருந்தால் இசைச் சராசரி எப்போதும் கூட்டுச் சராசரியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதில் விதிவிலக்கே கிடையாது. சந்தை ஏறினாலும், இறங்கினாலும், அலைந்தாலும் இது நடக்கும். விளம்பரங்கள் சொல்லும் வாக்குறுதியில் முழு உண்மை இந்த ஒரு வரிதான்.

ஆனால் அந்தக் குறைவு எவ்வளவு என்பதை யாரும் சொல்வதில்லை. உங்கள் பத்து மாதத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி முடிந்த புள்ளியை நூறால் வகுத்து அதையே என்ஏவி என்று வைத்திருக்கிறேன். ஃபண்டின் செலவு, டிவிடெண்ட் இரண்டையும் விட்டுவிட்டேன். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தேதி வேறாக இருக்கும் என்பதால் எண்கள் அச்சாக ஒத்துப்போகாது, போக்கு ஒத்துப்போகும்.

| மாத முடிவு | என்ஏவி (ரூ.) | 10,000 ரூபாய்க்கு யூனிட் |
|---|---|---|
| மே 2024 | 225.31 | 44.383 |
| ஜூன் | 240.11 | 41.648 |
| ஜூலை | 249.51 | 40.079 |
| ஆகஸ்ட் | 252.36 | 39.626 |
| செப்டம்பர் | 258.11 | 38.743 |
| அக்டோபர் | 242.05 | 41.314 |
| நவம்பர் | 241.31 | 41.440 |
| டிசம்பர் | 236.45 | 42.292 |
| ஜனவரி 2025 | 235.08 | 42.539 |
| பிப்ரவரி | 221.25 | 45.198 |

மொத்த யூனிட் 417.262. ஒரு லட்சத்தை இதால் வகுத்தால் சராசரி 239.66 ரூபாய். பத்து என்ஏவியையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 240.15 ரூபாய். நீங்கள் பார்த்த அந்த 'கொஞ்சம் அதிகம்' இதுதான். வித்தியாசம் 49 காசு. நூறு ரூபாய்க்குச் சுமார் 20 காசு.

இவ்வளவுதானா என்று கேட்டால், ஆமாம், இவ்வளவுதான். இந்த வித்தியாசம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட ஒரு தோராய வழி இருக்கிறது. விலை தன் சராசரியிலிருந்து பத்து சதவீதம் அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடினால், சேமிப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம். ஐந்து சதவீதம் ஆடினால் கால் சதவீதம். ஆட்டம் பாதியானால் சேமிப்பு காலாகிவிடுகிறது. மாத எஸ்ஐபியை வாரமாக, தினமாக மாற்றச் சொல்லி உங்களிடம் யாராவது வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் விலை ஆடும் ஆட்டம் பெரும்பாலும் சின்னது. அதை நாலாகப் பிரித்து வாங்கிக் கிடைப்பது காசுக் கணக்கு. ஸ்டேட்மென்ட்தான் நீளும்.

சரி, நஷ்டம் எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி கடைசியில் ஒரு யூனிட் 221.25 ரூபாய். உங்கள் சராசரி 239.66. 417.262 யூனிட்டின் மதிப்பு 92,319 ரூபாய். நஷ்டம் 7,681. நிஃப்டியோ 225.31-லிருந்து 221.25-க்கு, வெறும் 1.8 சதவீதம்தான் இறங்கியிருந்தது. மே கடைசியில் ஒரு லட்சத்தையும் மொத்தமாகப் போட்டிருந்த உங்கள் நண்பர் ஒருவர் இருந்தால் அவருக்கு நஷ்டம் 1,800 ரூபாய் அளவில்தான் இருந்திருக்கும்.

அட்டவணையை மேலிருந்து கீழே பாருங்கள். விலை ஒரு மேடு ஏறி இறங்கியிருக்கிறது. முதல் தவணையும் கடைசித் தவணையும்தான் 235 ரூபாய்க்குக் கீழே வாங்கியவை. நடுவில் உள்ள எட்டும் மேட்டின்மேல் வாங்கியவை. எண்பதாயிரம் ரூபாய் அங்கேதான் போயிருக்கிறது. நீங்கள் நிஃப்டி ஆரம்பித்த இடத்தையும் முடிந்த இடத்தையும் ஒப்பிட்டீர்கள். ஆனால் உங்கள் பணத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஆரம்பித்த இடத்தில் வாங்கியது. எஸ்ஐபிக்கு ஆரம்ப விலை என்று ஒன்று கிடையாது, வழி முழுவதும்தான் அதன் வாங்கும் விலை. உங்கள் சராசரி, சந்தையின் சராசரியைவிட 49 காசு குறைந்தது. சந்தையின் சராசரியே பிப்ரவரி கடைசி விலையைவிட 19 ரூபாய் மேலே இருந்தது. 49 காசால் 19 ரூபாயை ஈடுகட்ட முடியாது.

'சராசரி விலை குறையும்' என்று சொன்னவர்கள் எதைவிடக் குறையும் என்று சொல்லாமல் விட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். வழியில் இருந்த விலைகளின் சராசரியைவிடக் குறையும், இன்றைய விலையைவிட அல்ல. லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிப்பது இன்றைய விலை.

இப்போது இதே கணக்கைத் தலைகீழாகப் பார்ப்போம். 2020 ஜனவரி முதல் அக்டோபர் வரை, அதுவும் பத்துத் தவணை. ஜனவரி முடிவில் நிஃப்டி 11,962. மார்ச் 23-ஆம் தேதி 7,610 வரை போய் முடிந்தது, மாதக் கடைசியில் 8,598. பிறகு மெல்ல ஏறி அக்டோபர் முடிவில் 11,642. ஆரம்பித்த இடத்தைவிட 2.7 சதவீதம் கீழேதான். மேடு இருந்த இடத்தில் இங்கே பள்ளம்.

அதே முறையில் நூறால் வகுத்தால், ஜனவரியில் 119.62 ரூபாய்க்கு 83.598 யூனிட். மார்ச்சில் அதே 10,000 ரூபாய், 85.98 விலையில் 116.306 யூனிட் வாங்கியது. ஏப்ரலில் 101.420, மேயில் 104.384. பத்து மாதத்துக்கும் சேர்த்து 944.970 யூனிட். சராசரி 105.82 ரூபாய். என்ஏவிகளின் கூட்டுச் சராசரி 106.86. ஆட்டம் பெரிதாக இருந்ததால் சேமிப்பும் ஒரு ரூபாய்க்குப் பெருகியிருக்கிறது. அக்டோபர் கடைசியில் மதிப்பு 1,10,013 ரூபாய். நிஃப்டி இன்னும் கீழேயே இருக்கும்போது கணக்கில் பத்து சதவீத லாபம். ஜனவரியில் மொத்தமாகப் போட்டவருக்கு 97,325 ரூபாய்.

இந்தப் பத்து சதவீதத்தில் சராசரியாக்கத்தின் பங்கு ஒரு சதவீதம். மீதி ஒன்பது, பள்ளத்தின் வழியாக நடந்து வெளியே வந்ததால் கிடைத்தது. சந்தை மேலே வந்ததுதான் லாபம் கொடுத்தது. அது மேலே வராமல் பள்ளத்திலேயே நின்றிருந்தால், எத்தனை யூனிட் சேர்ந்திருந்தாலும் நஷ்டம்தான். நிஃப்டி போன்ற பரவலான குறியீட்டில் ஐம்பது பெரிய நிறுவனங்கள் இருப்பதால் மீண்டு வரும் என்று நம்பி வாங்கலாம். ஒரே துறையை மட்டும் பிடித்து ஓடும் ஃபண்டிலோ தனிப் பங்கிலோ அந்த நம்பிக்கைக்கு அவ்வளவு இடமில்லை. இறங்கிக்கொண்டே போகும் ஒரு பங்கை மாதாமாதம் வாங்கினாலும் சராசரி குறைந்துகொண்டேதான் வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். சராசரி விலை இறங்குவது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விலை சராசரிக்குக் கீழே இறங்கினால் சராசரியும் இறங்கும், அதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை.

2020 கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மார்ச், ஏப்ரல், மே மூன்று தவணையையும் நிறுத்தி ஜூனில் மறுபடி தொடங்கியவருக்கு என்ன ஆகியிருக்கும்? போட்டது 70,000 ரூபாய், யூனிட் 622.860, சராசரி 112.38. அக்டோபர் முடிவில் மதிப்பு 72,513. லாபம் 2,513 ரூபாய். முழுதாகப் போட்டவரின் லாபம் 10,013. ஆக, பத்துத் தவணையில் அந்த மூன்று மட்டும் 7,500 ரூபாய் லாபத்தைக் கொடுத்திருக்கிறது, நாலில் மூன்று பங்கு.

'பயந்து நிறுத்தாதீர்கள்' என்று இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபி. கணக்கு வழக்கு பார்ப்பது என் தொழில் என்பதால், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். 2020 கடைசியில் அவர் கொண்டுவந்த தாளில், யூனிட் நிரலில் பிப்ரவரிக்கு அடுத்த வரி ஜூன் என்று இருந்தது. மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் கடை பூட்டியது, கல்யாணச் சீசன் ஜாக்கெட் ஆர்டர் மொத்தமும் போனது. "சந்தை விழுந்ததுக்காக நிறுத்தினீங்களா அக்கா?" என்று கேட்டேன். "சந்தையை யார் பார்த்தா தம்பி, அரிசி வாங்கவே யோசிச்ச மாசம் அது" என்றார். அவர் போட்ட அளவுக்கு மேலே உள்ள கணக்கில் ஐந்தில் ஒன்று, அதாவது அக்டோபர் வரையில் 1,500 ரூபாய் லாபம் கைநழுவியது. தொகை சின்னதுதான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது.

யூனிட் மலிவாகும் மாதமும் வருமானம் நிற்கும் மாதமும் பல சமயம் ஒன்றாகவே வருகின்றன. 2020-இல் சந்தை விழக் காரணமான அதே கொரோனாதான் அக்காவின் கடையையும் பூட்டியது. ஐ.டி. வேலையிலும் இது உண்டு, 2008-09-இல் சந்தை விழுந்த அதே காலத்தில் வேலைகளும் போயின. சராசரியாக்கம் வேலை செய்ய வேண்டுமானால் பள்ளத்திலும் தவணை போக வேண்டும், பள்ளத்தில் தவணை போக வேண்டுமானால் அந்தப் பணம் சம்பளத்தை நம்பி இருக்கக் கூடாது. அதனால் வீட்டுச் செலவுக்கு என்று வைக்கும் அவசரப் பணத்தோடு, ஆறு தவணைக்கான தொகையையும் தனியாக வங்கிச் சேமிப்பிலோ லிக்விட் ஃபண்டிலோ வைக்கச் சொல்வேன். உங்களுக்கு அது 60,000 ரூபாய். அக்கா இப்போது 12,000 ரூபாயை எஸ்ஐபி போகும் அதே வங்கிக் கணக்கில் போட்டு, அதைத் தொடுவதே இல்லை.

அந்தக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். ஃபண்ட் நிறுவனம் அதற்கு எதுவும் கேட்காது, ஆனால் மாத எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் பொதுவாக எஸ்ஐபியே ரத்தாகிவிடும். பணம் வந்ததும் தானாகத் தொடராது, நீங்கள்தான் புதிதாகப் பதிய வேண்டும். கவனிக்காமல் விட்டு, ஒரு வருஷம் கழித்துப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. ஸ்டேட்மென்ட்டில் வரி விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஏறும் சந்தையில் என்ன ஆகும் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் மறைவு ஒன்றுமில்லை. 2023 மார்ச் முதல் டிசம்பர் வரை நிஃப்டி 17,360-லிருந்து 21,731-க்கு ஏறியது, நடுவில் சின்னச் சின்ன இறக்கங்களோடு. பத்துத் தவணையின் சராசரி 192.08 ரூபாய். முதல் தவணையின் விலை 173.60. அதாவது சராசரி மேலே இழுக்கப்பட்டிருக்கிறது. ஒரு லட்சம் 1,13,133 ஆனது, மார்ச்சில் மொத்தமாகப் போட்டிருந்தால் 1,25,179 ஆகியிருக்கும். ஏறும் சந்தையில் எஸ்ஐபி மொத்தமாகப் போடுவதைவிடப் பின்தங்கும். கையில் மொத்தமாகப் பணம் இருப்பவருக்கு இது ஒரு உண்மையான இழப்பு. சம்பளம் மாதாமாதம் வருகிற நமக்கு அந்த ஒப்பீடே பொருந்தாது, மார்ச்சில் நம்மிடம் அந்த ஒரு லட்சம் இருக்கவில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு, அது இப்போது உங்களுக்குத் தெரியாது, பத்து வருஷம் கழித்துத் தெரியும். இரண்டாவது தவணை போடும்போது உங்கள் பணத்தில் பாதி புதிய விலையில் வாங்கப்படுகிறது. 121-ஆவது தவணை போடும்போது, அது போட்ட மொத்தப் பணத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த மாதம் விலை உங்கள் சராசரியைவிட முப்பது சதவீதம் கீழே இருந்தாலும், அந்தத் தவணையால் சராசரி அரை சதவீதம்கூட அசையாது. ஆனால் பத்து வருஷம் சேர்ந்த பணம் முழுவதும் அந்த வீழ்ச்சியைத் தாங்கும். 22 லட்சம் சேர்ந்திருக்கும் நிலையில் சந்தை முப்பது சதவீதம் விழுந்தால் மதிப்பில் 6.6 லட்சம் குறைகிறது, எதிரே நிற்பது உங்கள் 10,000 ரூபாய். 'விழுந்தால் நல்லது, மலிவாக வாங்கலாம்' என்ற பேச்சு முதல் சில வருஷங்களுக்குத்தான் பொருந்தும். பெண்ணின் படிப்புக்கோ வீட்டுக்கோ அந்தப் பணம் தேவைப்படும் தேதி நெருங்கும்போது, இரண்டு மூன்று வருஷம் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் பத்திர ஃபண்டுக்கோ டெபாசிட்டுக்கோ நகர்த்துவதுதான் பாதுகாப்பு. எஸ்ஐபியைத் தொடர்வதால் அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது.

உங்கள் ஸ்டேட்மென்ட்டை நீங்களே சரிபார்க்க ஆசைப்பட்டால் இரண்டு சின்ன விஷயங்கள் இடறும். 10,000 ரூபாயை என்ஏவியால் வகுத்தால் யூனிட் கடைசித் தசமத்தில் ஒட்டாது, ஏனென்றால் 0.005 சதவீத முத்திரைக் கட்டணம் 50 காசைக் கழித்துவிட்டு 9,999.50 ரூபாய்க்குத்தான் யூனிட் தருகிறார்கள். அப்புறம், வங்கியில் பணம் போன தேதியின் என்ஏவி சில சமயம் இருக்காது. பங்கு ஃபண்டுகளில் பிற்பகல் 3 மணிக்குள் பணம் ஃபண்டின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த நாளின் என்ஏவிதான் கிடைக்கும். எந்தத் தேதி வைத்தால் மலிவு என்று தேடி நேரம் செலவழிக்க வேண்டாம். சம்பளம் வந்த மூன்றாவது நான்காவது நாள் போதும்.

விற்கும்போது மட்டும் ஆப் காட்டும் சராசரியை மறந்துவிடுங்கள். வரிக்கு அது பயன்படாது. முதலில் வாங்கிய யூனிட் முதலில் விற்றதாகத்தான் கணக்கு, ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் விலை, அதனதன் தேதி. 2025 ஜூன் நடுவில் நீங்கள் 50 யூனிட் விற்றிருந்தால், 44.383 யூனிட் 2024 மேயில் 225.31-க்கு வாங்கியவை, மீதி 5.617 யூனிட் 2024 ஜூனில் 240.11-க்கு வாங்கியவை. முதல் பகுதி ஒரு வருஷம் தாண்டியதால் நீண்டகால லாபம், இரண்டாவது பகுதி குறுகியகாலம். மொத்த யூனிட்டும் ஒரு வருஷம் தாண்டிவிட்டதாக நினைத்து விற்றுவிட்டுப் பிறகு என்னிடம் வருபவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் உண்டு.

பிப்ரவரிக்குப் பிறகு நிறுத்தாமல் போட்டிருந்தால் உங்கள் கணக்கு எப்படி நகர்ந்தது என்பதையும் போட்டுப் பார்த்தேன். 2025 மார்ச் முதல் ஜூன் வரை நாலு தவணை, 235.19, 243.34, 247.51, 255.17. மொத்தம் போட்டது 1,40,000 ரூபாய், யூனிட் 580.468, சராசரி 241.18. பிப்ரவரியில் இருந்த 239.66-லிருந்து ஒன்றரை ரூபாய் ஏறியிருக்கிறது. ஜூன் கடைசியில் மதிப்பு 1,48,118 ரூபாய். 7,681 நஷ்டம் இருந்த இடத்தில் 8,118 லாபம். மொத்தத்தில் சராசரி குறையவில்லை, கூடத்தான் செய்தது. 221-இல் இருந்த விலை 255-க்கு வந்தது, அவ்வளவுதான் நடந்தது. அந்த மேட்டில் நீங்கள் வாங்கிய எட்டுத் தவணையில் ஏழு, ஜூன் முடிவில் பச்சைக்கு வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் 258.11-க்கு வாங்கிய 38.743 யூனிட் மட்டும் அப்போதும் சிவப்பிலேயே இருந்தது.